பதவி உயர்வு வந்த நாளா, ஜூலை ஒன்றா? சம்பளத்தை எந்தத் தேதியில் நிர்ணயிக்கச் சொல்வது

சுங்கை சிப்புட்டில் இரவு ஒன்பதரை என்றால் மதுரையில் மணி ஏழு. என் தம்பி மகன் அலுவலகம் விட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடித்த கையோடு எனக்குப் போன் செய்கிற நேரம் அது. போன வருஷம் மார்ச் கடைசியில் அப்படித்தான் கூப்பிட்டான். "அத்தை, பதவி உயர்வு ஆர்டர் வந்துடுச்சு, ஆப்ஷன் எழுதிக் குடுக்கணுமாம், சீனியர் ஒருத்தர் ப்ரமோஷன் தேதியையே குடுத்துடு, கையில வர்ற காச விடாதேன்னு சொல்றார், அப்படியே எழுதிடவா?"

எழுதாதே, நாளைக்குக் கூப்பிடு, உன் சம்பளச் சீட்டை அனுப்பு என்றேன். ஊரில் இருந்தவரை மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சம்பளப் பில் போடுவதுதான் என் வேலை. ஓய்வு பெற்று மகளோடு இங்கே வந்து தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தாலும் அந்தக் கணக்கு மறக்கவில்லை. இந்த ஒரு ஆப்ஷனைத் தப்பாகக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் புலம்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அவனுக்குச் சொன்னதை விவரமாக இங்கேயும் எழுதி வைக்கிறேன். இங்கிருந்து இந்தியாவில் சொந்தக்காரர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் உதவும். இது இந்திய மத்திய அரசு விதி. மலேசிய அரசாங்க வேலைக்கு இது பொருந்தாது.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, அதாவது 2016 ஜனவரி 1 முதல், மத்திய அரசு ஊழியரின் அடிப்படைச் சம்பளம் ஒரு பெரிய அட்டவணையில் இருக்கிறது. மேலே இடமிருந்து வலமாக லெவல்கள், ஒவ்வொரு லெவலுக்கும் கீழே கட்டம் கட்டமாகத் தொகைகள். வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட் என்றால் அதே லெவலில் ஒரு கட்டம் கீழே இறங்குவது, ஏறக்குறைய மூன்று சதவீதம் கூடும். இன்கிரிமென்ட்டுக்கு வருஷத்தில் இரண்டே தேதிகள்தான், ஜனவரி 1 அல்லது ஜூலை 1. (பக்கத்து வீட்டில் மாவட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கும் தம்பியிடம் சொன்னபோது, "எங்களுக்கு நாலு தேதி அக்கா, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்" என்றார். இங்கே ஏறுகிற தொகையும் கிரேடுக்கு இவ்வளவு ரிங்கிட் என்று இருக்கும். அங்கே சதவீதக் கட்டம்.)

பதவி உயர்வு வந்தால் பழைய லெவலில் ஒரு இன்கிரிமென்ட் போட வேண்டும், வந்த தொகையைப் புது லெவலில் தேட வேண்டும், அதே தொகை இருந்தால் அது, இல்லாவிட்டால் அதற்கு அடுத்து மேலே இருப்பது. விதி இவ்வளவுதான். இதை எந்த நாளில் செய்வது என்பதில்தான் ஊழியருக்கு ஆப்ஷன். பதவி உயர்வு வந்த நாளிலேயே செய்யச் சொல்லலாம், அல்லது பழைய பதவியில் அடுத்த இன்கிரிமென்ட் வர வேண்டிய நாளில் செய்யச் சொல்லலாம். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதவி உயர்வு நாளையே எடுத்துக்கொள்வார்கள்.

என் தம்பி மகனின் கணக்கு இது. லெவல் 6-ல் அவன் அடிப்படைச் சம்பளம் 49,000. இன்கிரிமென்ட் தேதி ஜூலை 1. 2025 மார்ச் 10-ஆம் தேதி லெவல் 7-க்குப் பதவி உயர்வு.

சீனியர் சொன்னபடி மார்ச் 10-ஐயே கொடுத்தால், லெவல் 6-ல் 49,000-க்கு அடுத்த கட்டம் 50,500. லெவல் 7-லும் 50,500 என்று ஒரு கட்டம் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்துவிடுவான். மார்ச்சிலேயே 1,500 கூடிவிடும். ஆனால் பழைய ஜூலை இன்கிரிமென்ட் அதோடு போயிற்று. ஜனவரி 2-க்கும் ஜூலை 1-க்கும் இடையில் பதவி உயர்வு பெற்றவருக்கு அடுத்த இன்கிரிமென்ட் வரும் ஜனவரி 1-ல்தான். ஆக 2026 ஜனவரியில் 52,000.

ஜூலை 1-ஐக் கொடுத்தால்? மார்ச் 10 அன்று அவனுக்குப் புது லெவலில் ஒரு இடம் மட்டும் கொடுப்பார்கள், 49,000 லெவல் 7-லும் இருப்பதால் அதே 49,000. இதைக் கேட்டதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏன் அத்தை, பதவி உயர்ந்து பைசா கூடலேன்னா வீட்டுல என்ன சொல்றது?" என்றான். நியாயமான கேள்விதான். லெவல் 6-ன் கீழ்க்கட்டங்களும் லெவல் 7-ன் கட்டங்களும் 44,900-லிருந்து ஒரே தொகைகளாக ஓடுகின்றன, அதனால்தான் இப்படி. லெவல் 5-லிருந்து 6-க்குப் போகிறவருக்குத் தொகைகள் ஒத்துப்போகாது, 35,900 வாங்குகிறவர் முதல் நாளே 36,500-க்குப் போவார், கொஞ்சமாவது கூடும்.

ஆனால் ஜூலை 1 வந்ததும் பழைய லெவலில் இரண்டு இன்கிரிமென்ட் சேர்த்துப் போட வேண்டும். ஒன்று அந்த வருஷத்து வழக்கமான இன்கிரிமென்ட், இன்னொன்று பதவி உயர்வுக்கானது. 49,000, 50,500, 52,000. லெவல் 7-ல் 52,000. மற்ற வழியில் இந்தத் தொகை வர 2026 ஜனவரி ஆகும், இதில் 2025 ஜூலையிலேயே வந்துவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. ஜூலையில் இப்படி நிர்ணயித்தவருக்கு ஆறு மாதம் முடிந்ததும் ஜனவரி 1-ல் அடுத்த இன்கிரிமென்ட் உண்டு, அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. 2026 ஜனவரியில் 53,600. இந்த ஜனவரி இன்கிரிமென்ட் உண்டா இல்லையா என்று அலுவலகங்களில் நிறையக் குழப்பம் இருந்தது, நிதி அமைச்சகம் 28.11.2019 தேதியிட்ட குறிப்பில் உண்டு என்று தெளிவுபடுத்திவிட்டது. அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது பணத்தைக் கூட்டிப் பார்ப்போம். இதை நான் சமையலறை மேஜையில் போன மாதத்துக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, இரண்டு பத்தியாக எழுதித்தான் அவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஜூலைக்காகக் காத்திருப்பதால் இழப்பது மார்ச்சில் 22 நாள், அப்புறம் ஏப்ரல், மே, ஜூன். மாதத்துக்கு 1,500 என்று சுமார் 5,565 ரூபாய். ஜூலை முதல் அவன்தான் 1,500 முன்னால். அக்டோபர் சம்பளத்தோடு இழந்தது மொத்தமும் திரும்பிவிடும். ஜனவரி முதல் 53,600-க்கும் 52,000-க்கும் மாதம் 1,600 வித்தியாசம், அது ஒரு நாளும் அடைபடாது, மேலே போகப் போகக் கட்டங்களின் இடைவெளியும் பெரிதாகும். இதெல்லாம் வெறும் அடிப்படைச் சம்பளம். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் இதன் மேல்தான் ஏறும். 2025 ஜூலையில் அகவிலைப்படி 58 சதவீதம், மதுரைக்கு வாடகைப்படி 20 சதவீதம், ஆக 1,500 என்பது கையில் 2,670. பென்ஷன் நிதிக்கு அரசாங்கம் போடும் 14 சதவீதமும் இதைப் பொறுத்துத்தான் கூடும்.

மார்ச்சில் பதவி உயர்வு, ஜூலையில் இன்கிரிமென்ட், சம்பளமும் புது லெவலின் ஆரம்பத் தொகையைத் தாண்டி நடுக்கட்டத்தில் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜூலைதான். சரி, அப்படியானால் அந்த சீனியர் தப்பாகவா சொன்னார்? அவரும் அதே 49,000-லிருந்துதான் வந்தவராம், அவருக்குப் பதவி உயர்வு வந்தது 2024 ஆகஸ்ட் 5. இதைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஆகஸ்டில் வந்தவருக்கு ஜூலை 1 என்பது பதினொரு மாதம் தள்ளி. காத்திருந்தால் மாதம் 1,500 வீதம் 16,306 ரூபாயை விட வேண்டும். காத்திருக்காமல் ஆகஸ்டையே கொடுத்தாலும் 2025 ஜூலை 1-ல் அவருக்கு இன்கிரிமென்ட் உண்டு, ஏனென்றால் ஜூலை 2 முதல் ஜனவரி 1-க்குள் பதவி உயர்வு பெற்றவருக்கு அடுத்த ஜூலைதான் தேதி. ஆக 2025 ஜூலையில் இரண்டு வழியிலும் 52,000-தான். காத்திருந்தவருக்கு மிச்சமாக இருக்கும் ஒரே லாபம், அவர் இன்கிரிமென்ட் ஜனவரிக்கு வந்துவிடுகிறது, மற்றவருக்கு ஜூலை. வருஷத்தில் ஆறு மாதம் இவர் ஒரு கட்டம் முன்னால், மீதி ஆறு மாதம் இருவரும் சமம். 2026 முதல் பாதியில் 9,600 திரும்பும். மீதி 6,706 அடைய 2027 மே ஆகிவிடும்.

அந்த சீனியர் 2026 நவம்பரில் ஓய்வு பெறுகிறார். அவருக்கு அது அடையவே அடையாது. நவம்பரில் இரண்டு வழியிலும் அடிப்படைச் சம்பளம் 53,600, எனவே கடைசிச் சம்பளத்தில் பாதி என்று வரும் பென்ஷனிலும் வித்தியாசம் இல்லை. ஆகஸ்டைக் கொடுத்தது முழுக்கச் சரி. இதுவே அவர் 2027 மார்ச் 31 வரை வேலையில் இருப்பவராக இருந்தால் கதை மாறிவிடும். அதுவரை கூட்டினால் காத்திருந்ததில் இன்னும் 1,906 ரூபாய் நஷ்டம்தான், ஆனால் கடைசிச் சம்பளம் 53,600-க்குப் பதில் 55,200, பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவருக்கு மாதம் 800 ரூபாயும் அதன் மேல் அகவிலை நிவாரணமும் ஆயுள் முழுக்க. நாலு மாத வித்தியாசத்தில் பதில் தலைகீழாகிறது. அதனால்தான் ஓய்வு தேதியைக் கேட்காமல் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

ஆகஸ்டில் பதவி உயர்வு பெற்ற இளம் வயதுக்காரர் என்றால், என் அபிப்பிராயம் காத்திருக்கலாம் என்பதுதான். மூன்று வருஷம் கழித்துத்தான் பலன் தெரியும், ஆனால் அந்த ஆறு மாத முன்னிலை வேலையில் இருக்கும்வரை தொடரும். கடன் நெருக்கடி இருந்தால் 16,000 ரூபாயை முன்னாலேயே வாங்கிக்கொள்வதிலும் தப்பில்லை.

"இளம் வயது" என்று சொன்னதில் ஒரு பெரிய ஆனால் இருக்கிறது. என் தம்பி மகனின் அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்குப் போன ஆகஸ்டில் இதே லெவல் 6-லிருந்து 7-க்குப் பதவி உயர்வு வந்தது. இவன் சொன்னதைக் கேட்டு அவளும் ஜூலை 1 என்று எழுதி வைத்துவிட்டாள். கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்போம் என்று இவன் மூலமாகக் கேட்டாள், நல்லவேளை. அவள் அடிப்படைச் சம்பளம் 41,100.

லெவல் 7 ஆரம்பிப்பதே 44,900-ல். 41,100-க்கு ஒரு இன்கிரிமென்ட் போட்டால் 42,300, அது 44,900-க்குக் கீழே, எனவே 44,900-தான் கிடைக்கும். ஆகஸ்டைக் கொடுத்தால் 44,900, 2026 ஜூலையில் 46,200. ஜூலையைக் கொடுத்தால் ஆகஸ்டில் இடம் கொடுக்கும்போதே 44,900 வந்துவிடுகிறது, அப்புறம் 2026 ஜூலையில் இரண்டு இன்கிரிமென்ட் போட்டாலும் 42,300, 43,600, அதுவும் 44,900-க்குக் கீழேதான்! அதாவது அன்றைக்கும் அதே 44,900. அடுத்த இன்கிரிமென்ட் 2027 ஜனவரியில். ஆறு மாதத்தில் 7,800 ரூபாய் போகும், ஒருமுறை மட்டும் இல்லை, ஒவ்வொரு வருஷமும் இரண்டாவது பாதியில் அவள் ஒரு கட்டம் பின்னால்தான் இருப்பாள். அந்த இரண்டு இன்கிரிமென்ட்டையும் லெவலின் ஆரம்பத் தொகை விழுங்கிவிடுகிறது. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு பதவி உயர்வு தேதியையே கொடுக்கச் சொன்னேன். (அவளுக்கு மார்ச்சில் பதவி உயர்வு வந்திருந்தால் எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான், இரண்டிலும் அடுத்தது ஜனவரி.)

இதைச் சோதிக்க சுலபமான வழி ஒன்று உண்டு. உங்கள் பழைய லெவலில் இரண்டு கட்டம் இறங்கிப் பாருங்கள், அந்தத் தொகை புது லெவலின் முதல் தொகையைத் தாண்டாவிட்டால் காத்திருப்பதில் லாபம் இல்லை. தாண்டினால் மட்டும் மேலே சொன்ன மாதக் கணக்குக்குப் போங்கள்.

இன்னொரு கூட்டத்துக்கு இந்த ஆப்ஷனே கிடையாது, அவர்களும் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பத்து, இருபது, முப்பது வருஷத்தில் பதவி உயர்வு இல்லாதவருக்குச் சம்பள லெவலை மட்டும் உயர்த்திக் கொடுக்கும் எம்.ஏ.சி.பி. என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் ஏற்கெனவே லெவல் 7-க்கு வந்துவிட்டவருக்கு, பிறகு அதே லெவல் 7 பதவி உயர்வு வந்தால் மறுபடி சம்பளம் நிர்ணயிக்க மாட்டார்கள். அந்த இன்கிரிமென்ட்டை அவர் எம்.ஏ.சி.பி. வந்த அன்றைக்கே வாங்கிவிட்டார். ஆகவே அவர் கணக்குப் போட வேண்டிய நாள் எம்.ஏ.சி.பி. ஆர்டர் வரும் நாள், அப்போதும் இதே இரண்டு தேதி ஆப்ஷன் உண்டு.

எழுதிக் கொடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் என் சொந்த வருத்தம் ஒன்று இருக்கிறது. எனக்குக் கடைசியாகப் பதவி உயர்வு வந்தபோது ஆப்ஷனை நேரத்தோடு கொடுத்தேன், ஆனால் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கவில்லை. அந்தக் கடிதம் கோப்பில் சேரவே இல்லை. பதவி உயர்வு தேதியிலேயே நிர்ணயித்துவிட்டார்கள், ஒரு மாதம் கடந்துவிட்டது, நான் கொடுத்தேன் என்று காட்ட என்னிடம் ஒரு தாள் இல்லை. அத்தனை வருஷம் மற்றவர்களுக்கு அதே வேலையைச் செய்தவளுக்கு அப்படி ஆனது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. அதனால் தம்பி மகனிடம் கணக்கை விட அதைத்தான் அழுத்திச் சொன்னேன். இரண்டு பிரதி எடு, ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கு, சர்வீஸ் புக்கில் பதிவாகிவிட்டதா என்று நீயே கண்ணால் பார். "அடுத்த இன்கிரிமென்ட் தேதி" என்று மட்டும் எழுதாமல் "1.7.2025" என்று தேதியையே எழுது. ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான் என்பதால் எழுதும் முன் கூட்டிப் பார்க்க ஒரு வாரம் எடுத்துக்கொள், ஆனால் கடைசி நாள் வரை இழுக்காதே.

ஏப்ரல் 4-ஆம் தேதி அவன் கொடுத்தான். ஜூலை சம்பளச் சீட்டு வந்தபோது அடிப்படைச் சம்பளம் 50,500 என்று இருந்தது. ஏறியிருக்கிறதே என்று அவன் விட்டிருப்பான், நான்தான் முதல் நாளே சொல்லியிருந்தேன், ஜூலையில் இரண்டு கட்டம் நகர்ந்திருக்க வேண்டும், ஒன்றுதான் நகர்ந்திருந்தால் அவர்கள் வருஷாந்தர இன்கிரிமென்ட்டை மட்டும் போட்டுவிட்டு மறு நிர்ணயத்தை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இது அடிக்கடி நடப்பது, ஏனென்றால் வருஷாந்தர இன்கிரிமென்ட் எல்லோருக்கும் மொத்தமாகப் போய்விடும், மறு நிர்ணயத்துக்குத் தனியாக ஒரு ஆர்டர் போட வேண்டும். முத்திரை வைத்த நகலை இணைத்து எழுதிக் கொடுத்தான். அக்டோபர் சம்பளத்தில் 52,000 ஆயிற்று, மூன்று மாதத்துக்கு 1,500 வீதம் அரியரும் படிகளோடு சேர்ந்து வந்தது.

சம்பளச் சீட்டைச் சரிபார்க்க வேண்டிய இரண்டாவது இடம் ஜனவரி. "ஜூலையில்தானே ரெண்டு குடுத்தோம், இனி அடுத்த ஜூலைதான்" என்று சொல்லும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அதற்குத்தான் 28.11.2019 குறிப்பை நினைவில் வைக்கச் சொன்னேன். அவன் டிசம்பரிலேயே அதன் பிரதியோடு ஒரு கடிதம் கொடுத்து வைத்தான். இந்த வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி இரவு, இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம், சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். 53,600. கீழே "அத்தை, அந்தக் காலண்டர் தாளத் தூக்கிப் போட்டுடாதீங்க, இங்க இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க" என்று எழுதியிருந்தான். அவர்களுடைய பதவி உயர்வு தேதியையும், இப்போதைய அடிப்படைச் சம்பளத்தையும், ஓய்வு பெறும் மாதத்தையும் முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.